போன் திரையை டிவியில் காட்டுவது: புரியாத மொழியில் வரும் பெட்டிகளைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனை டிவியோட இணைக்கப் போனா ரெண்டுலயும் மாத்தி மாத்தி ஏதோ கேக்குது. இதையெல்லாம் யார் கேக்குறாங்க?

திரையில் இப்படிக் கேள்வியோடு வந்து நிற்கும் சின்னக் கட்டத்தைத்தான் இங்கே பெட்டி என்று சொல்கிறேன். மூன்று இடத்திலிருந்து கேள்வி வரலாம். போனில் நீங்கள் திறந்த ஆப் கேட்கலாம், போனின் சிஸ்டம் கேட்கலாம், டிவி கேட்கலாம். எது கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றும் கேட்பது வேறு விஷயம், ஒவ்வொன்றின் மொழியும் வேறு இடத்தில் முடிவாகிறது.

ஆப் கேட்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் கருவிகளைத் தேடட்டுமா என்பதுதான். ஐபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதி என்று வரும், ஆண்ட்ராய்டில் அருகிலுள்ள சாதனங்கள் என்ற பெயரில் வரும். இதற்கு மறுப்புச் சொன்னால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, டிவி பட்டியலில் தெரியாது, அவ்வளவுதான். "டிவி காட்டவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களில் பலர் என்றோ ஒருநாள் இந்தப் பெட்டியை அவசரமாக மூடியவர்கள்.

சிஸ்டம் கேட்பது, உங்கள் திரையில் தெரிவதையெல்லாம் வெளியே அனுப்பலாமா என்று. டிவி கேட்பது, இந்தப் போனை உள்ளே விடலாமா என்று. போனில் வரும் பெட்டி போனின் மொழியில் இருக்கும், டிவியில் வரும் பெட்டி டிவியின் மொழியில் இருக்கும். அதனால் உங்கள் போன் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருந்தாலும் டிவி அரபியிலோ கொரிய மொழியிலோ கேட்கும். போனின் மொழியை மாற்றிப் பார்ப்பதால் அது மாறாது.

காஸ்ட், மிரரிங், ஏர்ப்ளே எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. எந்தப் பெட்டி வரும் என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மிரரிங் என்றால் போன் திரையில் தெரிவதை அப்படியே டிவியில் காட்டுவது. அதற்கான ஒரு வழி மிராகாஸ்ட், 2012-இல் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு கொண்டுவந்த முறை. போனும் டிவியும் ரூட்டரை நம்பாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும். சாம்சங் போனில் Smart View என்று இருப்பது பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறது. ரூட்டர் நடுவில் இல்லாததால் பக்கத்து அறையில் இருக்கும் யாருடைய போனும் உங்கள் டிவியைத் தட்டிக் கேட்கலாம், அதனால்தான் டிவி ஒரு பெட்டி போட்டு உங்களிடம் அனுமதி வாங்குகிறது.

கூகுள் காஸ்ட் 2013-இல், டிவியில் செருகும் குரோம்காஸ்ட் கருவியோடு வந்தது. இதற்குப் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அந்த வைஃபைக்குள் இருப்பதையே அனுமதியாக எடுத்துக்கொள்வதால், பொதுவாக டிவி எதுவும் கேட்காது. பெட்டி வந்தால் போனில்தான் வரும்.

ஆப்பிளின் ஏர்ப்ளேயில் டிவி ஒரு நான்கு இலக்க எண்ணைக் காட்டும், அதை ஐபோனில் அடிக்க வேண்டும். ஐபோன் மிராகாஸ்டில் பேசாது. கூகுளின் பிக்சல் போன்களிலும் மிராகாஸ்ட் இல்லை.

ஐகானை வைத்தும் கண்டுபிடிக்கலாம். கீழ் மூலையில் வைஃபை அலை வளைந்து இருக்கும் செவ்வகம் என்றால் காஸ்ட். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு செவ்வகம் என்றால் ஐபோனின் ஸ்கிரீன் மிரரிங். செவ்வகத்தின் அடியில் முக்கோணம் என்றால் ஏர்ப்ளே. மெனு எந்த மொழியில் இருந்தாலும் இந்தப் படங்கள் மாறாது.

டிவியில வர்ற பெட்டியில ஒரு எழுத்துகூட புரியல. எதைப் பிடிச்சுக்கிட்டு படிக்கிறது?

உங்கள் போனின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே வரும் ஒரே சொல் அதுதான். டிவி எந்த மொழியில் கேட்டாலும் "இன்ன போன் இணைய விரும்புகிறது" என்ற வாக்கியத்துக்குள் போனின் பெயரை நீங்கள் வைத்தபடியே போட்டுக் காட்டும்.

அதனால் இணைக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, போனுக்கு ஒரு நல்ல பெயர் வைப்பது. ஆண்ட்ராய்டில் Settings-க்குள் About phone போனால் Device name இருக்கும். ஐபோனில் Settings, General, About, அதில் Name. கம்பெனி போட்டு அனுப்பிய மாடல் பெயரையே விட்டுவிட்டால் அதே மாடல் வைத்திருக்கும் அடுத்தவருடைய போனும் அதே பெயரில் வரும், எது யாருடையது என்று தெரியாது. KURUVI7 மாதிரி சின்னதாக, உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக வையுங்கள். ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, ஏனென்றால் சில டிவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாமல் போனால் பெயர் வெறும் கட்டங்களாகத் தெரியும். முழுப் பெயரையும் போன் நம்பரையும் வைக்காதீர்கள், பக்கத்தில் தேடுகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் அது படும்.

சில ஆண்ட்ராய்டு போன்களில், ரூட்டர் இல்லாமல் நேரடியாக இணையும் வைஃபை டைரக்டுக்கு என்று தனியாக இன்னொரு பெயர் இருக்கும். மாற்றிய பிறகும் டிவியில் பழைய பெயரே வந்தால் வைஃபை செட்டிங்ஸில் Wi-Fi Direct என்ற பகுதிக்குள் போய் அங்கேயும் மாற்றுங்கள்.

பெயரைப் பார்த்த பிறகு இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, பெட்டியில் எண் இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா என்று. எண் மட்டும் இருந்தால் அதைப் போனில் அடிக்கச் சொல்கிறது. இரண்டு பட்டன் இருந்தால் விடவா வேண்டாமா என்று கேட்கிறது. இணைக்கும் நேரத்தில் வரும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

வலது பக்கம் இருக்கிறதுதானே எப்பவும் சம்மதம்?

அப்படி நம்பி அழுத்தாதீர்கள். ஆண்ட்ராய்டு பெட்டிகளில் சம்மதம் வலது பக்கம் இருப்பது வழக்கம். ஆனால் டிவி கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு வைக்கும், இடது பக்கம் Allow-வும் வலது பக்கம் Deny-யும் வைத்த டிவிகளும் உண்டு. அதோடு அரபு, ஹீப்ரு, உருது மாதிரி வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் மெனு முழுவதும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். ஆங்கிலத்தில் இடப்பக்கம் இருந்த பட்டன் அங்கே வலப்பக்கம் போய்விடும்.

பெட்டி வந்தவுடன் ரிமோட்டின் தேர்வு எந்தப் பட்டன்மேல் நிற்கிறது என்பதையும் நம்ப முடியாது. சில டிவிகள் பாதுகாப்புக்காக மறுப்பின்மேல் நிறுத்தி வைத்திருக்கும். அதனால் பெட்டியைப் பார்த்தவுடன் OK பட்டனைத் தட்டும் பழக்கம் இருந்தால் அதை இந்த ஒரு இடத்தில் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

டிவி அரபியில இருக்கு, என் போன் ஆங்கிலத்துல. முழுசா ஒரு தடவை சொல்லிக் காட்ட முடியுமா?

சரி, சாம்சங் போன், அதன் பெயர் KURUVI7, டிவியின் மெனு முழுக்க அரபி, இணைப்பு மிராகாஸ்ட் வழியாக என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் போனில் மேலிருந்து விரலால் இழுத்து Smart View தட்டுகிறீர்கள். அது சுற்றித் தேடிவிட்டு டிவியின் பெயரைக் காட்டும். ஒன்றுக்கு மேல் டிவி தெரிந்தால் உங்கள் டிவி எது என்று உறுதியாகத் தெரியாமல் தட்டாதீர்கள், தப்பான ஒன்றைத் தட்டினால் வேறு யாருடைய திரையிலோ உங்கள் பெயரோடு பெட்டி போய் நிற்கும். சரியானதைத் தட்டியதும் போன் ஒருமுறை உறுதி கேட்கும், Start now என்று இருக்கும். இது போனின் பெட்டி, ஆங்கிலத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை.

அடுத்து டிவியில் பெட்டி வருகிறது. அரபு வாக்கியத்தின் நடுவில் KURUVI7 என்று ஆங்கில எழுத்தில் தெரியும். அது தெரிந்ததும் வந்த கேள்வி உங்களைப் பற்றித்தான் என்பது உறுதியாகிவிட்டது. கீழே இரண்டு பட்டன். ஒன்றில் سماح என்று இருக்கும், அல்லது முன்னால் இரண்டு எழுத்து சேர்ந்து السماح என்று இருக்கும். இதுதான் சம்மதம். இன்னொன்றில் رفض என்று இருக்கும், அது மறுப்பு. அரபு எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்களும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். சம்மதத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுப்பில் எழுத்துகளுக்கு மேலே இரண்டு புள்ளி தனித்தனியாக நிற்கும். இந்த ஜோடிக்கு மட்டும்தான் இந்த அடையாளம், எல்லா அரபு பெட்டிக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். சில பெட்டிகளில் இவற்றுக்குப் பதிலாக موافق என்றும் إلغاء என்றும் வரும். முன்னது சரி, பின்னது ரத்து, அந்தச் "சரி"யில் புள்ளிகள் நிறையவே உண்டு.

ரிமோட்டின் அம்புக்குறியால் புள்ளியில்லாத பட்டனுக்குப் போகிறீர்கள். ஒன்றைக் கவனியுங்கள், எழுத்து வலமிருந்து இடம் ஓடினாலும் ரிமோட்டின் வலது அம்பு திரையில் வலது பக்கம்தான் நகர்த்தும். தேர்வு அந்தப் பட்டன்மேல் வந்து நிறம் மாறிய பிறகு நடுப் பட்டனை அழுத்துங்கள். சில நொடிகள் கறுப்பாக இருந்துவிட்டுப் போன் திரை டிவியில் வந்துவிடும்.

இதற்கெல்லாம் நேரக் கணக்கு உண்டு. ஆண்ட்ராய்டு மிராகாஸ்ட் முயற்சியைச் சுமார் அரை நிமிடம்தான் பொறுத்துப் பார்க்கும், அதற்குள் டிவியிலிருந்து பதில் வரவில்லையென்றால் இணைக்க முடியவில்லை என்று கைவிட்டுவிடும். பலர் இதைப் பார்த்துவிட்டுத் தாங்கள் தப்பான பட்டனை அழுத்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நேரம் போய்விட்டது, அவ்வளவுதான், மறுபடி தொடங்கினால் பெட்டி மறுபடி வரும்.

கொரியன், சைனீஸ், ஜப்பானீஸ் வந்தா?

கொரிய மொழியில் சம்மதம் 허용, மறுப்பு 거부, ரத்து 취소. சீனத்தில் சம்மதம் 允许, மறுப்பு 拒绝, ரத்து 取消. ஜப்பானிய மொழியில் சம்மதம் 許可, மறுப்பு 拒否.

இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சீனத்திலும் ஜப்பானிய மொழியிலும் மறுப்புப் பட்டன் 拒 என்ற எழுத்தில்தான் தொடங்குகிறது, அந்த ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் போதும். அது எந்தப் பட்டனில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை அழுத்தலாம். ஜெர்மன், பிரெஞ்சு மாதிரி ஆங்கில எழுத்தில் எழுதும் மொழிகள் சுலபம், பட்டனில் இருப்பதைப் பார்த்து அப்படியே மொழிபெயர்ப்பு ஆப்பில் அடித்துப் பார்த்துவிடலாம்.

கேமராவில காட்டி மொழிபெயர்த்துப் படிச்சா என்ன?

நல்ல வழி. பட்டனைத் தாண்டி வாக்கியம் முழுவதும் புரிய வேண்டுமென்றால் அதுதான் ஒரே வழி. ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் ஆப்பைத் திறந்து, கேமராவைக் காட்டி, படித்து, ரிமோட்டை எடுத்து அழுத்துவது நடக்காத காரியம். சில போன்களில் இணைக்கும் திரையை விட்டு வெளியே வந்தாலே முயற்சி ரத்தாகிவிடும்.

அதனால் முதல் முயற்சியைப் படிப்பதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். பெட்டி வந்ததும் எதையும் அழுத்தாமல் டிவித் திரையை ஒரு போட்டோ எடுங்கள், பக்கத்தில் இன்னொருவர் போன் இருந்தால் அதில் எடுப்பது இன்னும் வசதி. பெட்டி தானாக மறையட்டும். அப்புறம் நிதானமாக அந்தப் போட்டோவை கூகுள் டிரான்ஸ்லேட்டிலோ லென்ஸிலோ திறந்து எந்தப் பட்டன் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முயற்சியில் பெட்டி அதே இடத்தில் அதே மாதிரி வரும், அப்போது அழுத்துங்கள்.

போட்டோ தெளிவாக வர டிவிக்கு மிக அருகில் போகாதீர்கள், அருகில் போனால் அலை அலையாகக் கோடு விழுந்து எழுத்து கலங்கும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். வெளிச்சம் அதிகமாகி எழுத்து வெளுத்துப் போனால் கேமராவில் எழுத்தின்மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்கலாம். இணையம் கிடைக்காத இடமென்றால் அந்த மொழியை முன்கூட்டியே டிரான்ஸ்லேட் ஆப்பில் இறக்கி வைத்திருங்கள்.

மொழிபெயர்ப்பு சில சமயம் விசித்திரமாக வரும், "நிராகரி" என்பதற்கு "கழிவு" என்று காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். நீளமான வாக்கியத்தைவிடப் பட்டனில் இருக்கும் ஒற்றைச் சொல்தான் அதிகம் தப்பாகும், ஏனென்றால் ஆப்புக்குச் சூழல் தெரியாது. இரண்டு பட்டனையும் சேர்த்து ஒரே படத்தில் காட்டி, ஒன்று மற்றதற்கு எதிராக இருக்கிறதா என்று பாருங்கள்.

டிவியில நம்பர் வருது, போன்ல அடிச்சா தப்புன்னு சொல்லுது.

முதலில் எந்த எண் என்று பாருங்கள். ஏர்ப்ளே காட்டுவது நான்கு இலக்கம். மிராகாஸ்டில் சில டிவிகள் பின் கேட்கும், அது பெரும்பாலும் எட்டு இலக்கமாக இருக்கும். இரண்டுமே ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக வருவது, முதல் முயற்சியில் போட்டோ எடுத்த எண்ணை இரண்டாவது முயற்சியில் அடித்தால் ஏற்காது. மேலே சொன்ன போட்டோ வழி பட்டன் பெட்டிக்குத்தான் பொருந்தும்.

அரபியில் இருக்கும் திரையில் எண்ணும் அரபு எண்களில் வந்தால் அங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நாம் பூஜ்யம் என்று நினைக்கும் வட்டம் அங்கே ஐந்து, அதாவது ٥. பூஜ்யம் வெறும் புள்ளியாக ٠ இப்படி இருக்கும். ஏழு மாதிரி தெரியும் ٦ உண்மையில் ஆறு. ஏழு ٧, எட்டு ٨, இந்த இரண்டும் மேல்கீழாகத் திருப்பி வைத்த ஒரே வடிவம். இரண்டு ٢, மூன்று ٣, நான்கு ٤ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்றும் ஒன்பதும் நமக்குப் பழகிய வடிவத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், ١ ٩.

வாக்கியம் வலமிருந்து இடம் போனாலும் எண்ணை இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். ٤٠٧٥ என்று திரையில் இருந்தால் போனில் 4075 என்று அடியுங்கள். திருப்பி 5704 என்று அடிப்பவர்கள் நிறையப் பேர்.

அவசரத்துல மறுப்பை அழுத்திட்டேன். இப்ப டிவி கேக்கவே மாட்டேங்குது, நேரா முடியாதுன்னு போன்ல வருது.

டிவி உங்கள் பதிலை ஞாபகம் வைத்துக்கொண்டுவிட்டது. பல டிவிகள் ஒருமுறை மறுத்த போனை ஒரு பட்டியலில் போட்டு வைத்து, அடுத்த தடவை உங்களிடம் கேட்காமலே திருப்பி அனுப்பிவிடும். போனை அணைத்துப் போடுவது, வைஃபையை மாற்றுவது எதுவும் இங்கே உதவாது, அந்தப் பட்டியலில் இருந்து போனை எடுக்க வேண்டும்.

சாம்சங் டிவிகளில் இதன் பெயர் Device Connection Manager, செட்டிங்ஸில் External Device Manager என்பதற்குள் இருக்கும். அதற்குள் Device List திறந்தால் டிவி பார்த்த போன்கள் எல்லாம் பெயரோடு நிற்கும், உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து அனுமதி என்று மாற்றலாம் அல்லது நீக்கிவிடலாம். மெனு புரியாத மொழியில் இருந்தாலும் நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம் இருக்கிறது, அந்தப் பட்டியலில் KURUVI7 தெரியும். பல்சக்கர ஐகானில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாகத் திறந்து, பெயர் தெரியும் பட்டியல் வரும்வரை பாருங்கள். வழியில் எதையும் மாற்றாமல் ரிமோட்டின் பின்செல்லும் பட்டனால் மட்டும் வெளியே வாருங்கள். ரீசெட் மாதிரி ஏதாவது தெரியாமல் தட்டுப்படலாம், அங்கே பின் நம்பர் கேட்டாலோ எச்சரிக்கை முக்கோணம் வந்தாலோ அது உங்களுக்கான இடம் கிடையாது.

பேசாம டிவியோட மொழியையே மாத்திட்டா?

உங்கள் டிவி என்றால் அதுதான் சரி, ஒரு தடவை செய்தால் போதும். மொழிப் பட்டியல்களில் ஒவ்வொரு மொழியின் பெயரும் பெரும்பாலும் அதனதன் எழுத்திலேயே இருக்கும் என்பதால் English என்ற சொல் தெரியும் பட்டியலைத் தேடிப் பிடித்தால் வேலை முடிந்தது. பூகோள உருண்டை ஐகான் இருந்தால் அங்கே முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவிகளில் செட்டிங்ஸில் System என்ற பகுதிக்குள் Language இருக்கும். ஒலி, சப்டைட்டில் மொழிப் பட்டியலிலும் English இருக்கும், அதை மாற்றினால் மெனு மாறாது. மாற்றியும் மெனு அப்படியே இருந்தால் தப்பான பட்டியல் என்று அர்த்தம், பழையபடி வைத்துவிட்டு மேலே தேடுங்கள்.

அடுத்தவர் டிவி என்றால் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால் போகும் வழியில் ஒவ்வொரு திரையையும் போட்டோ எடுத்துக்கொண்டே போங்கள், திரும்பி வைக்க அது தேவைப்படும்.

போன்ல ஒரு ஆப் மட்டுமா, முழுத் திரையா-ன்னு கேக்குது. எதைக் கொடுக்கணும்?

புதிய ஆண்ட்ராய்டில் இந்தக் கேள்வி சில ஆப்களில் வருகிறது. ஒரு ஆப்பை மட்டும் கொடுத்தால் அதற்கு வெளியே நீங்கள் பார்ப்பது டிவிக்குப் போகாது. முழுத் திரை கொடுத்தால் மேலே விழும் மெசேஜ், திறக்கும் போட்டோ, நீங்கள் அடிக்கும் பின் எண் எல்லாம் அறையில் இருக்கும் அத்தனை பேர் கண்ணுக்கும் தெரியும். போட்டோ காட்டுவதற்கு ஒரு ஆப் போதும், அதைக் கொடுங்கள். முழுத் திரைதான் வேண்டுமென்றால் தொந்தரவு செய்யாதே நிலையைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஐபோனில் Notifications செட்டிங்ஸில் Screen Sharing என்று தனியாக இருக்கிறது, மிரரிங் நேரத்தில் அறிவிப்பு வராமல் அங்கேயே நிறுத்தலாம்.

இந்தப் பெட்டியில் ஆப்பின் பெயர் இருக்கும், அதைக் கட்டாயம் படியுங்கள். நீங்கள் டிவியோடு இணைக்கவே முயற்சி செய்யாத நேரத்தில், பெயர் தெரியாத ஆப்போ யாரோ போனில் பேசி நிறுவச் சொன்ன ஆப்போ திரையை அனுப்ப அனுமதி கேட்டால் ரத்து செய்துவிட்டு அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். திரையை டிவிக்கு அனுப்புவதற்கு இருக்கும் அதே அனுமதியை வைத்துத்தான் தூரத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் வங்கித் திரையைப் பார்க்கிறார். டிவியில் காட்டுவதாகச் சொல்லும் ஆப் அணுகல்தன்மை, அதாவது Accessibility அனுமதி கேட்டாலும் கொடுக்காதீர்கள், திரையைக் காட்டுவதற்கு அது தேவையில்லை.

எல்லாம் சரியா வந்துச்சு, ஆனா படம் மட்டும் கறுப்பு. சத்தம் கேக்குது.

நீங்கள் எந்தப் பெட்டியிலும் தப்பு செய்யவில்லை. கட்டணம் கட்டிப் படம் பார்க்கும் ஆப்களும் வங்கி ஆப்களும் தங்கள் திரையைப் பிரதி எடுக்கவிடாமல் தடுக்கும். மிரரிங்கும் ஒருவகைப் பிரதிதான் என்பதால் அந்த இடம் கறுப்பாகிவிடும். ஹோம் ஸ்கிரீனுக்குத் திரும்பிப் பாருங்கள், அது டிவியில் ஒழுங்காகத் தெரிந்தால் இணைப்பில் குறை இல்லை.

படம் பார்க்கும் ஆப் என்றால் மிரரிங்கை நிறுத்திவிட்டு, அந்த ஆப்புக்குள்ளேயே காஸ்ட் ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தட்டினால் போன் தன் திரையை அனுப்பாது, டிவியே நேராக இணையத்திலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளும். வங்கி ஆப்புக்கு மாற்றுவழி கிடையாது, தேவையும் இல்லை.

நான் எதுவும் செய்யல, ஆனா டிவியில திடீர்னு ஒரு பெட்டி வருது. வேற ஏதோ பேர் இருக்கு.

பக்கத்தில் யாரோ தங்கள் டிவி என்று நினைத்து உங்களுடையதைத் தட்டியிருப்பார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனாலும் மறுத்துவிடுங்கள். எந்தப் பட்டன் மறுப்பு என்று தெரியவில்லையென்றால் எதையும் தொடாமல் விட்டுவிட்டாலும் போதும், பதில் வராத இணைப்பு தானாகக் கைவிடப்படும். அடிக்கடி வந்து தொல்லை செய்தால் டிவியின் செட்டிங்ஸில் திரைப் பகிர்வை அணைத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம்.

வேற இடத்து டிவியில போட்டுப் பார்த்துட்டேன். கிளம்பும்போது என்ன செய்யணும்?

போனில் இணைப்பைத் துண்டியுங்கள், டிவியை மட்டும் அணைப்பது போதாது. அறிவிப்புப் பகுதியில் காஸ்ட் ஐகானோடு ஒரு வரி நிற்கும், அதிலேயே துண்டிக்கும் பட்டன் இருக்கும். அப்புறம் முன்னே சொன்ன சாதனப் பட்டியலுக்குப் போய் உங்கள் போனின் பெயரை நீக்குங்கள். ஏர்ப்ளே என்றால் டிவியின் ஏர்ப்ளே செட்டிங்ஸில் ஒவ்வொரு முறையும் எண் கேட்கும்படி வைக்கும் வசதி இருக்கும். டிவியில் ஏதாவது ஆப்பில் உங்கள் கணக்கை வைத்து நுழைந்திருந்தால் அதிலிருந்தும் வெளியேறுங்கள், மிரரிங்கைத் துண்டிப்பதால் அந்தக் கணக்கு மூடாது. டிவி மெனுவில் அந்த இடம் புரியாவிட்டால், வேறொரு கருவியில் இருந்தபடியே அந்தச் சேவையின் கணக்குப் பக்கத்தில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.